காட்டுக்குள் கிடக்கும் குளத்தைப் படத்தில் பிடிப்பது: ஆறு இலக்க ஆள்கூறும் திசைகோளும்

"தூர்ந்த குளம் ஒன்று, 669 345" என்று ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள். அந்த எண்ணை 1:50,000 இடவிளக்கப் படத்தில் வைத்து, திசைகோள் எடுத்து, பாலையும் வீரையும் மண்டிய காட்டுக்குள் அந்தக் குளக்கட்டில் போய் நிற்பது வரையிலான வேலைதான் இங்கே விளக்கப்படுகிறது. வன்னியில் மலை இல்லை. தூரத்துச் சிகரத்தைப் பார்த்து வழியைச் சரிசெய்துகொள்ள முடியாது. காட்டுக்குள் இறங்கினால் பல இடங்களில் முப்பது மீற்றருக்கு அப்பால் கண் போகாது. அதனால் மலைநாட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் விடும் சின்னப் பிழைகூட இங்கே ஆளைக் குளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

கீழே வரும் எண்கள் பயிற்சிக்காகக் கோர்த்தவை. மாங்குளத்தைச் சுற்றிய கட்டங்களில் எப்படிப்பட்ட எண்கள் வருமோ அப்படி எடுத்திருக்கிறோம். குறித்த ஒரு குளத்துக்கு உரியவை அல்ல.

தாளைக் கையில் எடுத்தவுடன்

நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் ஒன்று கிழக்கு மேற்காக 40 கிலோமீற்றரும் வடக்குத் தெற்காக 25 கிலோமீற்றரும் கொண்ட நிலத்தைக் காட்டும். நிலத்தில் ஒரு கிலோமீற்றர் தாளில் 2 சென்ரிமீற்றர். முதலில் அடிமட்டத்தை வைத்துப் பத்துக் கட்டங்களை ஒன்றாக அளவுங்கள். சரியாக 20 சென்ரிமீற்றர் வரவேண்டும். போட்டோக் கொப்பி எடுத்த தாளில் பெரும்பாலும் வராது. கொப்பி மெசின் தாளுக்கு அடங்கச் சுருக்கியிருக்கும், அல்லது பெருப்பித்திருக்கும். 19 வந்தால் அந்தத் தாளில் ஒரு கிலோமீற்றர் 1.9 சென்ரிமீற்றர். அதன்பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவையும் அந்த விகிதத்திலேயே கணக்கிட வேண்டும். கட்டத்தின் நீளமும் அகலமும் சமமாக இல்லாவிட்டால் கொப்பி ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. அதில் திசைகோளும் பிழைக்கும். அந்தக் கொப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்துத் தாளின் ஓரத்து எண்களைப் பாருங்கள். நிலைக்குத்துக் கோடுகளின் எண் மேற்கிலிருந்து கிழக்காகக் கூடும். கிடைக்கோடுகளின் எண் தெற்கிலிருந்து வடக்காகக் கூடும். பழைய இலங்கைக் கட்ட முறையில் மாங்குளப் பக்கம் கிழக்கு எண் 160-களின் நடுவிலும் வடக்கு எண் 430-களின் நடுவிலும் வரும். ஆறு இலக்க ஆள்கூறுக்கு இவற்றின் கடைசி இரண்டு இலக்கங்களையே எடுப்போம். 166 என்ற கோடு 66, 434 என்ற கோடு 34.

முதல் இலக்கத்தை வெட்டிவிடுவதால் அதே ஆறு இலக்கம் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் மறுபடி வரும். 669 345 என்ற எண் மாங்குளப் பக்கமும் இருக்கிறது, சரியாக நூறு கிலோமீற்றர் தெற்கே அநுராதபுர மாவட்டத்திலும் இருக்கிறது. ஆகவே ஆள்கூறைக் கொடுப்பவர் தாளின் பெயரையோ இலக்கத்தையோ சேர்த்துக் கொடுக்கவேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

669 345 என்பதைப் பிரிப்பது

முதல் மூன்று இலக்கம் கிழக்கு, பின் மூன்று இலக்கம் வடக்கு. 66 என்ற நிலைக்குத்துக் கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வலப்பக்கம் பத்தில் ஒன்பது பங்கு போங்கள். 34 என்ற கிடைக்கோட்டிலிருந்து மேலே பத்தில் ஐந்து பங்கு ஏறுங்கள். பத்தில் ஒரு பங்கு நிலத்தில் 100 மீற்றர், தாளில் 2 மில்லிமீற்றர்.

இரண்டு மில்லிமீற்றரைக் கண்மட்டத்தில் பிரிப்பதைவிட ஒரு மூலை அட்டை செய்துகொள்வது நல்லது. பழைய கலியாணக் கார்ட் ஒன்று போதும். அதன் வலது மேல் மூலை சரியான செங்கோணமாக இருக்கவேண்டும். அந்த மூலையைப் பூச்சியமாகக் கொண்டு, மேல் விளிம்பில் இடப்பக்கமாக 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாகப் பத்துக் கோடுகள் கீறி 1 முதல் 10 வரை இலக்கமிடுங்கள். வலது விளிம்பில் அதேபோல் கீழ்நோக்கிக் கீறுங்கள். ஒரு புள்ளியின் ஆள்கூறு வேண்டுமென்றால் மூலையை அந்தப் புள்ளியில் வைத்து, விளிம்புகளைக் கட்டக் கோடுகளுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். இடப்பக்கத்து நிலைக்குத்துக் கோடு மேல் விளிம்பை வெட்டும் இலக்கம் கிழக்கின் மூன்றாவது இலக்கம். கீழ்ப்பக்கத்துக் கிடைக்கோடு வலது விளிம்பை வெட்டும் இலக்கம் வடக்கின் மூன்றாவது இலக்கம். எண்ணிலிருந்து இடத்தைத் தேடும்போது இதையே மாற்றிச் செய்யவேண்டும்: 66-ஆம் கோடு 9-இலும் 34-ஆம் கோடு 5-இலும் வெட்டும்படி அட்டையை நகர்த்தி, மூலை நிற்கும் இடத்தில் பென்சிலால் குற்றிடுங்கள். 1:10,000 தாள் கிடைத்தால் அதற்கு வேறு அட்டை வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு 1 சென்ரிமீற்றர்.

கோடு 2-க்கும் 3-க்கும் நடுவே, 3-க்குக் கிட்ட விழுந்தால் என்ன எழுதுவது? 2 என்றே எழுதவேண்டும். பக்கத்து இலக்கத்துக்கு உயர்த்தக்கூடாது. ஆறு இலக்க ஆள்கூறு காட்டுவது ஒரு புள்ளியை அல்ல, நூறு மீற்றர்ச் சதுரம் ஒன்றை. எண் அந்தச் சதுரத்தின் தென்மேற்கு மூலைக்கு உரியது. 669 345 என்றால் குளக்கட்டு அந்த மூலையிலிருந்து கிழக்கே நூறு மீற்றருக்குள்ளும் வடக்கே நூறு மீற்றருக்குள்ளும் எங்கேயோ இருக்கிறது. இலக்கத்தை உயர்த்தி எழுதுபவர் ஆளை அடுத்த சதுரத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

கிழக்கையும் வடக்கையும் மாற்றிப்போடுவதுதான் எல்லோரும் அதிகம் விடும் பிழை. 345 669 என்று எழுதினால் அந்தத் தாளில் அப்படி ஒரு கட்டமே இல்லாமல் போகலாம். அப்படியென்றால் பிழை உடனே தெரிந்துவிடும். இரண்டு எண்களும் ஒரே பத்துகளில் வரும் தாள்களில்தான் அது தெரியாமல் போகும். ஆகவே குற்றிட்ட பிறகு அந்த இடத்தில் படம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். குளம் என்று சொல்லித் தந்த இடத்தில் கட்டின் குறியீடோ நீரோடையோ இல்லாமல் வயல் மட்டும் இருந்தால் எண்ணைத் தந்தவரிடம் மறுபடி கேளுங்கள்.

திசைகோளும் தூரமும்

நீங்கள் நிச்சயமாக நிற்கக்கூடிய இடம் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். இங்கே அது பெரிய குளம் ஒன்றின் துருசு, 642 357. குளத்தை எடுக்கும்போது துருசு, வான், குளக்கட்டின் முனை ஆகியவற்றையே எடுங்கள். தண்ணீர்க் கரையை எடுக்காதீர்கள். படத்தில் நீலமாகக் கிடக்கும் பரப்பு நிறைந்த குளத்துக்கு உரியது. ஆவணியில் அந்தக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் உள்ளே தண்ணீர் வற்றிக் கிடக்கும். மாரியில் வான் பாயும்போதுதான் படமும் நிலமும் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

துருசிலிருந்து தூர்ந்த குளத்துக்குக் கிழக்கே 66.9 − 64.2 = 2.7 கிலோமீற்றர். தெற்கே 35.7 − 34.5 = 1.2 கிலோமீற்றர். இரண்டு புள்ளிகளையும் பென்சிற் கோட்டால் இணைத்து அளந்தால் 5.9 சென்ரிமீற்றர் வரும். நிலத்தில் அது 2.95 கிலோமீற்றர். பாகைமானியின் நடுவைத் துருசில் வைத்து, பூச்சியத்தை மேல்நோக்கிய கட்டக் கோட்டுக்குச் சமாந்தரமாகப் பிடித்து வலஞ்சுழியாக எண்ணினால் 114 பாகை. தட்டுக் கொம்பாஸ் வைத்திருப்பவர் தட்டின் நீண்ட விளிம்பைத் துருசிலிருந்து குளத்தை நோக்கி வைத்து, உள்வட்டைத் திருப்பி அதன் கோடுகளைக் கட்டக் கோடுகளோடு ஒன்றாக்கவேண்டும். வட்டின் வடக்கு அம்பு தாளின் மேற்பக்கத்தைப் பார்க்கவேண்டும். அது தலைகீழாகிவிட்டால் 294 வரும், நீங்கள் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருப்பீர்கள். அளக்கமுன் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "கிழக்கே, கொஞ்சம் தெற்கே, ஆகவே 90-க்கும் 135-க்கும் நடுவில் வரவேண்டும்." இந்த ஒரு பழக்கம் 180 பாகைப் பிழையை வரவிடாது.

இப்போது காந்த விலகல். வன்னியில் கொம்பாஸ் ஊசி உண்மை வடக்குக்கு மேற்கே சுமார் 2 பாகை விலகி நிற்கிறது. இது வருடாவருடம் சிறிது மாறும். தாளில் அச்சான விலகல் தாள் அச்சான ஆண்டுக்கு உரியது, பழைய தாள்களில் அதை அப்படியே நம்பவேண்டாம். விலகல் மேற்கானால் படத்தில் எடுத்த திசைகோளோடு கூட்டினால் கொம்பாசில் வைக்கவேண்டிய திசைகோள் வரும். 114 + 2 = 116. கொம்பாசில் எடுத்ததைப் படத்தில் போடும்போது கழிக்கவேண்டும். கட்டக் கோட்டின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆனால் இலங்கைக் கட்ட முறையின் நடு நெடுங்கோடு பிதுருதலாகலையூடாகப் போய், வடக்கே புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே கடலுக்கு இறங்குகிறது. அந்தக் கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் மாங்குளப் பக்கம் அந்த வேறுபாடு பத்தில் ஒரு பாகைக்கும் குறைவு. அதை மறந்துவிடலாம்.

2 பாகையை மறக்கமுடியாது. 2.95 கிலோமீற்றர் நடந்து முடிக்கும்போது 2 பாகை 103 மீற்றராகிவிடும், அதாவது ஆறு இலக்கத்தில் ஒரு முழுச் சதுரம். கூட்டவேண்டியதைக் கழித்தால் பிழை 4 பாகை, இருநூறு மீற்றருக்கு மேல்.

கொம்பாஸ் இங்கே எப்படி நடந்துகொள்ளும்

ஐரோப்பாவுக்கென்று சமன்செய்த கொம்பாஸ் வன்னியில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அங்கே ஊசியின் வடமுனையைப் பூமியின் காந்தம் கீழ்நோக்கி இழுப்பதால், அதை ஈடுசெய்யத் தென்முனையில் பாரம் வைத்திருப்பார்கள். இங்கே காந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடையாக ஓடுகிறது. அதனால் அந்தப் பாரம் தென்முனையைத் தாழ்த்தி ஊசி அடியில் உரசும். அடையாளம் எளிது: ஊசி ஆடாமல் சட்டென்று நின்றுவிடும், கொம்பாசை மெல்லத் தட்டினால் வேறு இடத்தில் நிற்கும். அப்படியானால் கொம்பாசைச் சற்றுச் சரித்துப் பிடித்து ஊசியைச் சுதந்திரமாக ஆடவிட்டு எடுங்கள். வாங்கும்போதே நம் வலயத்துக்கு உரியதா, எல்லா வலயத்துக்கும் பொருந்துவதா என்று கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

இரும்பும் மின்சாரமும் அடுத்த சிக்கல். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு திசைகோள் எடுப்பவர்களை அடிக்கடி காணலாம். இருபது மீற்றர் தள்ளி வாருங்கள். காட்டுக்கத்தியைக் கூட வருபவர் கையில் கொடுங்கள். காந்தம் உள்ள கைத்தொலைபேசி உறை சட்டைப் பையில் இருந்தாலே ஊசி பல பாகை விலகும். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே எடுக்கவே வேண்டாம். சந்தேகம் வந்தால் பத்து அடி முன்னே போய் அதே பொருளை மறுபடி நோக்கி எடுங்கள். இலக்கம் மாறினால் பக்கத்தில் ஏதோ இழுக்கிறது.

மூன்று கிலோமீற்றரை 700 மீற்றராக்குவது

116 பாகையை வைத்துக்கொண்டு துருசிலிருந்து நேரே காட்டுக்குள் நடப்பது புத்தியான வேலை அல்ல. படத்தைக் கூர்ந்து பார்த்தால் கிரவல் வீதி ஒன்று கிழக்கே போய், 664 350-இல் ஓர் ஓடையை மதகால் கடக்கிறது. மதகு ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம். வீதி வளைந்தாலும் நெளிந்தாலும் ஓடையைக் கடக்கும் இடம் மாறாது. அங்கே வரை வீதியிலேயே போய், அங்கிருந்து திசைகோளைத் தொடங்குங்கள்.

மதகிலிருந்து குளத்துக்குக் கிழக்கே 0.5 கிலோமீற்றர், தெற்கே 0.5 கிலோமீற்றர். திசைகோள் 135, கொம்பாசில் 137. தூரம் சுமார் 710 மீற்றர். இப்போது 2 பாகைப் பிழை வெறும் 25 மீற்றர்தான்.

தூரத்தை அடியால் எண்ணுங்கள். இடது கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று. பெரும்பாலான வளர்ந்தோருக்கு நூறு மீற்றருக்கு 60 முதல் 70 வரை வரும். உங்களுடைய எண்ணிக்கையை வீதியில் நூறு மீற்றர் அளந்து நடந்து முன்னமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 65 என்றால் 710 மீற்றருக்கு 460 போல வரும். காட்டுக்குள் அடி குறுகும், ஆகவே 500 தாண்டினாலும் வியப்பில்லை.

இனி ஒரு சின்னத் தந்திரம். தூர்ந்த குளத்தின் கட்டு படத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக 400 மீற்றர் கிடக்கிறது என்று வைப்போம். தேடுவது அதன் நடுவிலுள்ள உடைப்பு. உடைப்பை நேரே குறிவைத்துப் போனால் கட்டில் ஏறும்போது அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதனால் வேண்டுமென்றே 8 பாகை வலப்பக்கம் தள்ளி 145-இல் நடங்கள். 710 மீற்றர் முடிவில் நூறு மீற்றர் தென்மேற்கே தள்ளிக் கட்டில் ஏறுவீர்கள். ஏறியதும் கேள்வியில்லாமல் இடப்பக்கம் திரும்பலாம்.

நடக்கும்போது கொம்பாசைப் பார்த்துக்கொண்டே போகக்கூடாது. 145-ஐ நோக்கி, தெரியக்கூடிய தூரத்தில் தனித்து நிற்கும் மரமொன்றைப் பிடியுங்கள். அதை அடைந்து, அங்கிருந்து அடுத்த மரத்தைப் பிடியுங்கள். முட்புதர் குறுக்கிட்டால் 90 பாகை வலப்பக்கம் திரும்பி அடியை எண்ணிப் போய், பழைய திசையில் புதரைத் தாண்டி, எண்ணிய அதே அளவு இடப்பக்கம் திரும்பி வாருங்கள். பக்கவாட்டில் நடந்த அடிகளை 710-இல் சேர்க்கக்கூடாது. கொஞ்சம் விலகிச் சுற்றி வந்துவிடலாம் என்று நினைத்தால் எப்போதும் ஒரே பக்கமாகவே சுற்றுவீர்கள், கோடு வளைந்துவிடும்.

தூர்ந்த குளக்கட்டு காட்டுக்குள் கட்டுப்போலத் தெரியாது. ஆள் உயரத்துக்கும் குறைவான நீண்ட மேடு, அதன்மேலேயே பெருமரங்கள், ஒரு பக்கம் தாழ்ந்த களித்தரை, தண்ணீர் நின்ற இடத்தில் மருதமரங்கள். எண்ணிக்கை 550-ஐத் தாண்டியும் மேடு வரவில்லை என்றால் நில்லுங்கள். பின்திசைகோள் 325-இல் (145 + 180) மதகுக்குத் திரும்பி மறுபடி தொடங்குவதே சுருக்கமான வழி.

இந்தக் கணக்கெல்லாம் நிலம் அனுமதித்தால்தான். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை தெரிந்தால் திசைகோள் எங்கே காட்டினாலும் உள்ளே கால் வைக்கக்கூடாது. வடக்கில் மிதிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் உண்டு. பலகை இல்லாத காட்டிலும் ஊரவர் விறகுக்கும் தேனுக்கும் போய்வரும் வழி எது என்று கேட்டுத்தான் இறங்கவேண்டும். ஒதுக்கக் காடானால் அனுமதி வேண்டும். யானை வழி என்று ஊரவர் சொன்னால் மாலைக்கு முன் திரும்புவதாகக் கணக்கிடுங்கள்.

கைத்தொலைபேசியோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு

தொலைபேசி தரும் அகலக்கோடு, நெடுங்கோட்டை எடுத்துப் பழைய தாளின் ஓரத்து அகலக்கோடு, நெடுங்கோட்டில் அப்படியே குற்றிட்டால் இடம் கிழக்கு மேற்காக இருநூறு மீற்றருக்கு மேல் விலகும். தொலைபேசி WGS84 என்ற அடிப்படையில் கணக்கிடுகிறது, பழைய தாள் கண்டவளை அடிப்படையில் வரையப்பட்டது. பூமியின் உருவத்துக்கு இரண்டும் வேறு வேறு அளவை எடுத்துக்கொள்கின்றன. செயலியில் கட்ட முறையைத் தெரிவுசெய்ய முடிந்தால் பழைய முறைக்கு `EPSG:5234`, 1999 முறைக்கு `EPSG:5235` என்று கொடுங்கள். முன்னையதில் மாங்குளப் பக்கம் கிழக்கு எண் 160-களில் வரும், பின்னையதில் 460-களில் வரும். தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த எண் 200 கிலோமீற்றரிலிருந்து 500 கிலோமீற்றராக மாறியதே காரணம். வித்தியாசம் சரியாக 300 என்பதால் கடைசி இரண்டு இலக்கமும் ஒன்றுதான். எழுதித் தரும் ஆறு இலக்கம் இரண்டிலும் பொருந்தும்.

நிற்கும் இடத்தின் எண் தெரியாதபோது

கட்டில் ஏறிவிட்டீர்கள், ஆனால் அது தேடிய குளம்தானா என்று உறுதியில்லை. காட்டுக்குள் நின்று இதைச் செய்யமுடியாது. உயரமான கட்டோ வெட்டவெளி வயலோ வேண்டும். அங்கிருந்து படத்திலும் இருக்கிற, கண்ணுக்கும் தெரிகிற இரண்டு பொருள்களைத் தேடுங்கள். ஒன்று கோவில் கோபுரம் என்று வைப்போம். கொம்பாசில் 42 வருகிறது. 2-ஐக் கழித்தால் 40, 180-ஐக் கூட்டினால் 220. படத்தில் கோபுரத்திலிருந்து 220 பாகையில் ஒரு கோடு கீறுங்கள். மற்றையது தூரத்துக் குளக்கட்டின் முனை, கொம்பாசில் 312. கழித்தால் 310. இது 180-க்கு மேல் என்பதால் 180-ஐக் கழித்து 130. கட்டு முனையிலிருந்து 130-இல் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் மூலை அட்டையை வைத்தால் நீங்கள் நிற்கும் இடத்தின் ஆறு இலக்கம் வரும்.

இந்த எடுத்துக்காட்டில் இரண்டு கோடுகளுக்கும் இடையே 90 பாகை இருப்பதால் வெட்டு கூர்மையாக விழும். 30 பாகைக்குக் குறைந்தால் ஒரு பாகைப் பிழைகூட வெட்டும் இடத்தை நெடுந்தூரம் இழுத்துவிடும். மூன்றாவது பொருள் ஒன்று கிடைத்தால் எடுங்கள். மூன்று கோடுகளும் சிறு முக்கோணமாகக் குறுகினால் நம்பலாம். முக்கோணம் ஒரு கட்டத்தின் கால்வாசி அளவுக்கு விரிந்தால் ஏதோ ஒரு பொருளைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். தண்ணீர்த் தாங்கிகளிலும் தொலைபேசிக் கோபுரங்களிலும்தான் இது அதிகம் நடக்கும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய பல தாங்கிகள் பழைய தாளில் இல்லை. பக்கத்து ஊர்த் தாங்கியைப் படத்திலுள்ள வேறொன்றாக எடுத்துக்கொள்வது இலகு. கோவிலையும் குளக்கட்டையும் முதலில் தேடுங்கள், தாங்கியைக் கடைசியாக.